மூன்று புதிய மசாலாப் பொடிகள், பழைய வாடிக்கையாளர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் செய்தி

சாம்பார் பொடி, ரசப் பொடி, குழம்பு மிளகாய்த்தூள் மூன்றும் அரைத்து வாட்ஸ்அப்பில் விற்கும் ஒரு சிறிய மசாலா யூனிட். ஆர்டர் நோட்டில் ஏறக்குறைய 400 வாடிக்கையாளர்கள். அவர்களிடம் மீன் குழம்புப் பொடி, கோழி வறுவல் மசாலா, எண்ணெய்க் கத்தரிக்காய்ப் பொடி என மூன்று புது வகைகளைக் கொண்டுசேர்க்க வேண்டும். அதற்காக எழுதிய அறிமுகச் செய்தி எப்படி உருவானது, எதை வெட்டினோம், எதைச் சேர்த்தோம், பணக்கணக்கு எப்படி வந்தது என்பதே இந்தப் பதிவு. பொடி செய்முறையை இங்கே எழுதவில்லை. செய்தியைத் தொடும் இடங்களில் மட்டும் அது வரும்.

முதல் வரைவு இப்படி இருந்தது:

> அன்பார்ந்த வாடிக்கையாளர் பெருமக்களுக்கு வணக்கம்! உங்கள் நல்லாதரவுடன் எங்கள் நிறுவனம் அடுத்த கட்டத்தில் அடியெடுத்து வைக்கிறது. பாரம்பரிய முறையில், முற்றிலும் இயற்கையான, நோய் எதிர்ப்புச் சக்தி தரும் மூன்று புதிய மசாலா வகைகளை அறிமுகப்படுத்துவதில் பெருமகிழ்ச்சி அடைகிறோம். முதலில் ஆர்டர் செய்பவர்களுக்கு 20% தள்ளுபடி! முந்துங்கள்!

கல்யாணப் பத்திரிகை நடையில் இருக்கிறது என்பது சின்னக் குறை. பெரிய குறை, இதைப் படித்தவர் ஆர்டர் போட முடியாது என்பது. என்ன பொடி, என்ன விலை, என்றைக்குக் கைக்கு வரும், எவ்வளவு போட வேண்டும், எதுவுமே இல்லை. படித்தவர் திரும்ப எழுதிக் கேட்க வேண்டும். நாற்பது பேர் கேட்டால் நாற்பது பதில் தட்டச்சு செய்ய வேண்டும். கேட்கச் சோம்பல் பட்டவர்கள் அப்படியே நகர்ந்துவிடுவார்கள்.

போனின் பூட்டுத்திரையில் இந்தச் செய்தி எப்படித் தெரியும் என்று பார்ப்பது எளிய சோதனை. இன்னொரு போனுக்கு அனுப்பி, வாட்ஸ்அப்பைத் திறக்காமல் அறிவிப்பை மட்டும் படிக்க வேண்டும். மேற்படி வரைவில் தெரிந்தது "அன்பார்ந்த வாடிக்கையாளர் பெருமக்களுக்கு வணக்கம்! உங்கள்" என்பது மட்டும்தான். தீபாவளி வாழ்த்துக்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. ஆகவே பொடியின் பெயர் முதல் வரியிலேயே, முதல் ஐந்தாறு சொற்களுக்குள் வந்துவிட வேண்டும் என்று முடிவானது. வணக்கம் இரண்டாவது வரிக்குப் போயிற்று.

அடுத்து வெட்டியவை "இயற்கை", "நோய் எதிர்ப்பு" இரண்டும். இது ரசனை சார்ந்த முடிவு அல்ல. உணவுப் பொருள் விளம்பரங்களுக்கும் உரிமைகோரல்களுக்குமான 2018-ஆம் ஆண்டு விதிமுறைகள், பல பொருள் கலந்த உணவை அப்படியே "இயற்கை உணவு" என்று சொல்ல இடம் தருவதில்லை. உடல்நலத்துக்கு இது செய்யும், அது செய்யும் என்று சொன்னால் அதற்கு அறிவியல் ஆதாரம் காட்ட வேண்டும். மிளகும் மஞ்சளும் சேர்ந்திருக்கிறது என்பது ஆதாரம் ஆகாது. தவறான விளம்பரத்துக்கு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆம் பிரிவில் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வாட்ஸ்அப் செய்தியும் விளம்பரம்தான். ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் அது ஆவணம்.

## ஏற்கெனவே வாங்கிய பொடிதான் அளவுகோல்

புதியவரிடம் காரத்தைச் சொல்லிப் புரிய வைக்க வழியில்லை. "மிதமான காரம்" என்றால் ராமநாதபுரத்தில் ஒரு பொருள், கோயம்புத்தூரில் வேறு பொருள். பழைய வாடிக்கையாளரிடம் அந்தச் சிக்கல் இல்லை. அவர் சமையலறையில் நம் குழம்பு மிளகாய்த்தூள் இருக்கிறது. அதன் காரம் அவர் நாக்குக்குத் தெரியும். "குழம்புத் தூளைவிடக் காரம் கொஞ்சம் குறைவு, மிளகு கூடுதல்" என்று எழுதினால் அவருக்கு உடனே புரிகிறது. வேறு எந்தப் பெரிய கம்பெனியும் அவரிடம் இப்படிப் பேச முடியாது. பழைய வாடிக்கையாளருக்கு எழுதும் செய்தியின் முழுப் பலமும் இந்த ஒப்பீட்டில்தான் இருக்கிறது என்பது எங்கள் கருத்து. சுவை பற்றிய அடைமொழிகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒவ்வொரு பொடிக்கும் இப்படி ஒரு வரி எழுதினோம்.

எழுதுமுன் அது உண்மைதானா என்று பார்க்க வேண்டும். சம அளவு தண்ணீரில் சம எடைப் பொடியைப் போட்டுக் கொதிக்க வைத்து, எது எது என்று சொல்லாமல் மூன்று நான்கு பேருக்குக் கொடுத்தால் போதும். வாயில் வெறும் பொடியைப் போட்டுப் பார்ப்பது ஏமாற்றிவிடும். மிளகின் காரம் அதில் தூக்கலாகவும் மிளகாயின் காரம் தாமதமாகவும் தெரியும். குண்டு மிளகாய், நீட்டு மிளகாய் விகிதத்தை அடுத்த அரைப்பில் மாற்றினால் இந்த வரியும் மாற வேண்டும் என்பதைச் செய்தி வரைவின் அடியிலேயே குறித்து வைத்தோம்.

## "நாலு கரண்டி" என்றால் எந்தக் கரண்டி?

அதிகமாக நேரம் எடுத்தது அளவு எழுதும் வேலை. அரை கிலோ மீனுக்கு ஏறத்தாழ 26 கிராம் பொடி என்பது சமைத்துப் பார்த்து வந்த கணக்கு. வீட்டில் யாரும் கிராமில் அளப்பதில்லை. கரண்டிதான். ஆனால் அஞ்சறைப்பெட்டியில் கிடக்கும் சின்னக் கரண்டி வேறு, சாப்பிடும் ஸ்பூன் வேறு, 15 மில்லி டேபிள்ஸ்பூன் வேறு.

சமையலறைத் தராசில் ஒரு கிண்ணத்தை வைத்து, டேபிள்ஸ்பூனில் பொடியை அள்ளிக் கத்தியின் முதுகால் வழித்துவிட்டு, பத்துக் கரண்டி போட்டு நிறுத்தோம். 65 கிராம். ஒரு மட்டக் கரண்டிக்கு ஆறரை கிராம். ஒவ்வொரு கரண்டியாக நிறுத்தால் ஒரு கிராம் துல்லியமுள்ள சாதாரணத் தராசில் பிழை அதிகம் வரும். பத்தாகப் போட்டு வகுப்பதுதான் சரி. அதே கரண்டியைக் குவித்து அள்ளினால் ஒன்று 11 கிராம் வரை போயிற்று. ஆக, மட்டமாக நாலு கரண்டி 26 கிராம், குவித்து நாலு கரண்டி 44 கிராம். வெறுமனே "4 கரண்டி" என்று எழுதினால் ஒரு வீட்டில் குழம்பு சரியாக வரும். இன்னொரு வீட்டில் கெட்டியாகி, வெந்தயக் கசப்பு ஏறி, "உங்க பொடி கசக்குதே" என்று பதில் வரும். பொடி ஒன்றுதான். செய்தியில் ஒரு சொல் குறைந்ததுதான் வித்தியாசம்.

"மட்டமாக 4 டேபிள்ஸ்பூன்" என்று திருத்தினோம். பிறகு அதைவிட எளிய வழி ஒன்று கிடைத்தது. 100 கிராம் பாக்கெட்டில் கால் பங்கு என்பது 25 கிராம். கரண்டியே வேண்டாம். பாக்கெட்டைச் சமமாகத் தட்டி, நான்கில் ஒரு பங்கு கொட்டினால் போதும். செய்தியில் இரண்டையும் வைத்தோம், கால் பங்கு முதலில். அதிலேயே "100 கிராம் எத்தனை தடவைக்கு வரும்" என்ற கேள்விக்கும் பதில் வந்துவிடுகிறது. வாங்குபவர் 75 ரூபாயை எடைபோடுவது கிராமை வைத்து அல்ல, நாலு ஞாயிற்றுக்கிழமைக் குழம்பை வைத்து.

கோழி வறுவலுக்கு அரை கிலோவுக்கு மட்டமாக 3 டேபிள்ஸ்பூன் சரியாக இருந்தது. அதாவது பாக்கெட்டில் ஐந்தில் ஒரு பங்கு. எண்ணெய்க் கத்தரிக்காய்ப் பொடி கொரகொரப்பாகவும் எண்ணெய்ப் பசையோடும் இருப்பதால் தனியாக நிறுக்க வேண்டியிருந்தது. ஒரு மட்டக் கரண்டி 7 கிராம் வந்தது. ஒரு பொடிக்கு நிறுத்த எடையை மற்றதற்கும் போட்டுவிடக் கூடாது.

## கேள்வி வரும் இடங்கள்

பழைய ஆர்டர் உரையாடல்களைப் பின்னோக்கிப் புரட்டினால், புதுப் பொருள் பற்றி என்ன கேட்பார்கள் என்பது தெரிந்துவிடும். "உப்பு போட்டிருக்கா?", "தேங்கா அரைக்கணுமா?", "தனியா கரம் மசாலா போடணுமா?", "எத்தனை நாள் வரும்?" திரும்பத் திரும்ப இவைதான். ஒவ்வொன்றுக்கும் அரை வரி ஒதுக்கினோம். "மூன்றிலும் உப்பு இல்லை" என்ற மூன்று சொல் பல உரையாடல்களை மிச்சப்படுத்தும். உப்பு இருக்கிறது என்று நினைத்துப் போடாமல் விட்டவர் சப்பென்று இருக்கிறது என்பார். இல்லை என்று நினைத்தால் சிக்கல் இல்லை. ஆகவே இதைச் சொல்லாமல் விடுவது பொடிக்குத்தான் நஷ்டம்.

எத்தனை நாள் வரும் என்பதில் மூன்றுக்கும் ஒரே பதில் எழுத முடியவில்லை. மீன், கோழிப் பொடிகளில் தனியா, மிளகாய், மிளகு, சீரகம் போன்றவைதான். காற்றுப் புகாமல் வைத்தால் ஆறு மாதம் என்று லேபிளில் போட்டிருந்தோம். கத்தரிக்காய்ப் பொடியில் நிலக்கடலை, எள், கொப்பரை மூன்றும் இருக்கின்றன. அரைத்த பிறகு இவற்றின் எண்ணெய் காற்றோடு பட்டுக் காறல் வாடை அடிக்கும். முதலில் கெடுவது கொப்பரைதான். பழைய தேங்காயெண்ணெய் வாசம் வந்தால் ஆரம்பித்துவிட்டது என்று பொருள். அதற்கு இரண்டு மாதம்தான் போட்டோம். இதை லேபிளில் மட்டும் போட்டுச் செய்தியில் மறைத்தால் மூன்று பாக்கெட் வாங்கி அடுக்கி வைப்பார்கள். அதனால் "இரண்டு மாதத்துக்குள் தீர்க்கவும்" என்று செய்தியிலேயே வந்தது. விற்பனை சற்றுக் குறையலாம். ஆனால் காறிய பாக்கெட் சாம்பார் பொடியையும் சேர்த்து இழக்க வைக்கும்.

ஒவ்வாமை விவரம் கட்டாயம். நிலக்கடலை வெளிப்படையாகத் தெரிகிறது. தப்பிப் போவது கோதுமை. கடையில் கிடைக்கும் கூட்டுப் பெருங்காயத்தில் பெரும்பாலும் மைதா கலந்திருக்கும். டப்பாவின் பின்பக்கம் பார்த்தால் தெரியும். அந்தப் பெருங்காயம் பொடிக்குள் போனால் பொடியிலும் கோதுமை இருக்கிறது என்றுதான் அர்த்தம். லேபிளில் சொன்னால் போதாதா என்றால், இங்கே வாங்குபவர் பாக்கெட்டைக் கையில் பார்ப்பதற்கு முன்பே பணம் கட்டிவிடுகிறார். எனவே செய்தியில் ஒரு வரியும், வாட்ஸ்அப் கேட்டலாகில் லேபிளின் பின்பக்கப் படமும் போட்டோம். அரைக்கும் வரிசையிலும் கத்தரிக்காய்ப் பொடி கடைசிதான். கடலை பட்ட மில்லில் மற்றவை போகக் கூடாது என்பது ஒரு காரணம். எண்ணெய்ப் பசை சல்லடையை அடைத்துவிடும் என்பது இன்னொன்று.

## தள்ளுபடியா, கூரியரா?

மீன் குழம்புப் பொடி 100 கிராமுக்குக் கணக்கு இது: சரக்கு 34 ரூபாய், மில் கூலி 4, பையும் லேபிளும் 6. ஆக 44. விலை 75. மிச்சம் 31. இதில் 20 சதவீதத் தள்ளுபடி என்றால் 15 ரூபாய், மிச்சத்தில் பாதி. கோழி மசாலா 80 ரூபாயில் 33-உம், கத்தரிக்காய்ப் பொடி 65 ரூபாயில் 25-உம் நிற்கும். மூன்றும் சேர்ந்த செட் 220 ரூபாய், மிச்சம் 89. செட்டுக்கு 20 சதவீதம் குறைத்தால் 44 போய்விடும்.

அதற்குப் பதில் கூரியரைத் தொட்டோம். அரை கிலோவுக்குள் தமிழ்நாடு முழுக்க 55 ரூபாய் ஆகிறது. வாடிக்கையாளரிடம் 30 மட்டும் வாங்கி, 25-ஐ நாமே ஏற்றுக்கொண்டால் செட்டில் 64 ரூபாய் நிற்கும். வாங்குபவருக்கும் சலுகை தெரிகிறது. அதைவிட முக்கியம், பாக்கெட்டின் விலை அப்படியே இருக்கிறது. ஒருமுறை 60 ரூபாய்க்குக் கொடுத்த பொடிக்கு அடுத்த மாதம் 75 கேட்டால் "போன தடவை அறுபதுதானே" என்பார்கள். கூரியரில் அந்தப் பேச்சு வராது.

இதை எழுதும் விதத்திலும் ஒரு பொறி இருக்கிறது. "செட் 250 ரூபாய், கூரியர் உட்பட" என்று எழுதத்தான் கை போகும். பாக்கெட்டுகளில் அச்சடித்த எம்.ஆர்.பி. கூட்டினால் 220. அதற்கு மேல் பொருளின் விலையாக ஒரு தொகை சொன்னால், எம்.ஆர்.பி.க்கு மேல் விற்பதாக ஆகிவிடும். "பொடி 220, கூரியர் 30" என்று பிரித்து எழுதுவதே சரி.

எடையைப் போட்டுப் பார்த்ததில் இன்னொரு வசதி கிடைத்தது. 100 கிராம் பொடியும் பையும் சேர்த்து ஒரு பாக்கெட் 110 கிராம். மூன்று சேர்ந்து 330. வெளி உறை 25. மொத்தம் 355. அரை கிலோவுக்கு இன்னும் 145 கிராம் இடம் இருக்கிறது. இன்னொரு 100 கிராம் பாக்கெட் ஏற்றினாலும் 465-தான். எனவே "சாம்பார் பொடி 100 கிராம் சேர்த்தாலும் கூரியர் அதே 30" என்று ஒரு வரி. சாம்பார் பொடியின் 250 கிராம் பாக்கெட்டை இங்கே சொல்லக் கூடாது, எடை அடுத்த படிக்கு ஏறிவிடும்.

## யாருக்கு, எப்போது

ஒவ்வொரு பொடியும் 10 கிலோ போட்டு அரைத்தோம். வறுப்பதிலும் மில்லிலும் போனது போக ஒன்பதரை கிலோ. 95 பாக்கெட். ஐந்தை மாதிரிக்கு எடுத்து வைத்தால் 90. அதாவது 90 செட்டுக்கு மேல் கையில் இல்லை. 400 பேருக்கும் ஒரே நாளில் அனுப்பி, பாதிப் பேரிடம் "தீர்ந்துபோச்சு" என்று சொல்வது அறிமுகம் ஆகாது. நோட்டில் கடந்த ஆறு மாதத்தில் குழம்பு மிளகாய்த்தூள் வாங்கியவர்கள் 120 பேர் அளவில் இருந்தார்கள். முதல் செய்தி அவர்களுக்கு. காரத்துக்கு அளவுகோல் அவர்கள் வீட்டில்தான் இருக்கிறது.

சாம்பார் பொடியும் ரசப் பொடியும் மட்டும் வாங்குபவர்களுக்குத் தனி லிஸ்ட், தனிச் செய்தி. அதில் கத்தரிக்காய்ப் பொடி முதல் வரி, காரத்தை ஒப்பிடுவது சாம்பார் பொடியோடு. கடைசியில் "மீன், கோழிக்கும் பொடி இருக்கிறது, வேண்டுபவர்கள் கேளுங்கள்" என்று ஒரே வரி. யார் சைவம், யார் அசைவம் என்று பெயரைப் பார்த்து ஊகிக்கக் கூடாது. என்ன வாங்கினார் என்ற கணக்கு மட்டுமே நம் கையில் இருக்கும் தகவல். "கோழி மசாலா அரைச்ச மில்லுலதானே?" என்று கேட்டால், கோழி மசாலாவில் இறைச்சி எதுவும் இல்லை, பாக்கெட்டில் பச்சைப் புள்ளிதான், ஆனால் மில் ஒன்றே என்று உள்ளபடி சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்பவர் வேண்டாம் என்று விடட்டும்.

மாதத்தைப் பொறுத்தவரை புரட்டாசியில் மீன் பொடியை அறிமுகப்படுத்துவதில் பயனில்லை. கார்த்திகை பிறந்ததும் மாலை போடுபவர்கள் வீட்டில் அசைவம் நின்றுவிடும். இடையில் ஐப்பசி. அதிலும் தீபாவளிக்கு மறுநாள் அல்லது அதற்கடுத்த நாள் கந்த சஷ்டி விரதம் தொடங்கிவிடும். ஆகவே புரட்டாசி முடிந்து வரும் முதல் வாரம்தான் தோதான நேரம். மாதம் முழுக்க விட்டவர்கள் மீன் வாங்கக் காத்திருக்கும் வாரம் அது.

அனுப்பும் நாளை முடிவு செய்ய ஞாயிற்றுக்கிழமையிலிருந்து பின்னோக்கி எண்ணினோம். ஞாயிறு சமைக்க வேண்டுமென்றால் சனிக்கிழமை பொடி கைக்கு வர வேண்டும். தமிழ்நாட்டுக்குள் கூரியருக்கு இரண்டு நாள் விட்டால் வியாழன் அனுப்ப வேண்டும். ஆர்டரை புதன் இரவு முடித்தால் வியாழன் காலை கட்டலாம். செய்தி செவ்வாய் மதியம் மூன்று மணி, சாப்பாட்டு வேலை முடிந்து போனைப் பார்க்கும் நேரம். அரைப்பு திங்கள்.

திங்கள் அரைத்ததும் செய்தி அனுப்பலாமே என்று தோன்றும். மில்லிலிருந்து பொடி சூடாக வரும். துணியில் பரப்பி இரவு முழுக்க ஆற விட்டுச் சலித்த பிறகுதான் பாக்கெட். சூட்டோடு கட்டினால் பைக்குள் ஆவி படிந்து பொடி கட்டி தட்டும், பிறகு பூஞ்சைதான். உட்புறம் தெரியும் ஒரு பையில் கொஞ்சம் போட்டு ஒட்டி அரை மணி நேரம் வைத்துப் பார்த்தால், மங்கல் படிகிறதா என்று தெரிந்துவிடும். பாக்கெட் எல்லாம் ஒட்டி, எண்ணி, எடை பார்த்த பிறகுதான் செய்தி என்பதை நாங்கள் விதியாகவே வைத்தோம். இல்லையென்றால் அனுப்பும் நாளை மாற்றி இன்னொரு செய்தி போட வேண்டிவரும்.

வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட் ஒன்றில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது போகும். அனுப்பிய செய்தியை அழுத்திப் பிடித்துத் தகவல் பக்கத்தைப் பார்த்தால் யாருக்குப் போய்ச் சேர்ந்தது என்ற பட்டியல் இருக்கும். அடுத்த நாளும் அதில் பெயர் வராதவர்கள் பெரும்பாலும் எண்ணைச் சேமிக்காதவர்கள். அவர்களுக்குத் தனித்தனியாக அனுப்பினோம்.

## எந்த எண்?

ஆர்டர் வாங்கும் வரியில் கடைசிப் பிரச்சினை. "மீனுக்கு 1, கோழிக்கு 2, கத்தரிக்காய்க்கு 3 என்று அனுப்புங்கள்" என்பது வரைவில் இருந்தது. "2" என்று பதில் வந்தால் கோழி மசாலாவா, இரண்டு பாக்கெட்டா? "1,2" என்றால் மீனும் கோழியுமா, மீன் பொடி இரண்டா? எண்ணை எண்ணிக்கைக்கு மட்டும் விட்டுவிட்டு, பொடிக்குச் சொல் வைத்தோம்: மீன், கோழி, கத்தரி, செட். குரலில் தட்டச்சு செய்பவர்களுக்கும் இது சுலபம்.

படமாகப் போஸ்டர் செய்து அனுப்பும் யோசனையை விட்டுவிட்டோம். சின்ன எழுத்து வயதானவர்களுக்குத் தெரிவதில்லை. படத்துக்குள் இருக்கும் விலையைப் பின்னால் தேடி எடுக்கவும் முடியாது. மூன்று பொடியையும் வெள்ளைத் தட்டில் வைத்து ஜன்னலோரம், நேர் வெயில் படாமல் எடுத்த ஒரே ஒரு படம், அதன் கீழ் செய்தி. டியூப்லைட்டில் எடுத்தால் மிளகாய் நிறம் வெளுத்து, பழைய பொடி போலத் தெரியும்.

போன செய்தி இது:

> *மீன் குழம்புப் பொடி வந்தாச்சு. கூடவே கோழி வறுவல், எண்ணெய்க் கத்தரிக்காய்.*
>
> வணக்கம். நம்ம குழம்பு மிளகாய்த்தூள் வாங்குகிற உங்களுக்கு முதலில் சொல்கிறோம்.
>
> *மீன் குழம்புப் பொடி, 100 கிராம் ரூ.75*
> குழம்புத் தூளைவிடக் காரம் கொஞ்சம் குறைவு, மிளகு கூடுதல். அரை கிலோ மீனுக்குப் பாக்கெட்டில் கால் பங்கு (மட்டமாக 4 டேபிள்ஸ்பூன்). தேங்காய் அரைத்தும் வைக்கலாம், இல்லாமலும் வைக்கலாம்.
>
> *கோழி வறுவல் மசாலா, 100 கிராம் ரூ.80*
> காரம் குழம்புத் தூள் அளவே. அரை கிலோ கோழிக்கு மட்டமாக 3 டேபிள்ஸ்பூன். தனியாகக் கரம் மசாலா வேண்டாம்.
>
> *எண்ணெய்க் கத்தரிக்காய்ப் பொடி, 100 கிராம் ரூ.65*
> காரம் குழம்புத் தூளில் பாதி. கால் கிலோ கத்தரிக்காய்க்கு மட்டமாக 3 டேபிள்ஸ்பூன். நிலக்கடலை, எள், கொப்பரை, கோதுமை மாவு கலந்த பெருங்காயம் சேர்ந்தது. 2 மாதத்துக்குள் தீர்க்கவும். மற்ற இரண்டும் 6 மாதம்.
>
> மூன்றிலும் உப்பு இல்லை.
>
> *செட்: பொடி ரூ.220, கூரியர் ரூ.30.* சாம்பார் பொடி 100 கிராம் (ரூ.60) சேர்த்தாலும் கூரியர் அதே 30.
>
> வேண்டியதை இப்படி அனுப்புங்கள்: மீன் 1, கத்தரி 2. அல்லது: செட் 1.
> புதன் இரவு 8 மணி வரை. வியாழன் அனுப்புகிறோம், தமிழ்நாட்டுக்குள் சனிக்கிழமைக்குள் கிடைக்கும்.
>
> இந்த மாதிரித் தகவல் இனி வேண்டாம் என்றால் "வேண்டாம்" என்று அனுப்பினால் போதும்.

நீளம்தான். வாட்ஸ்அப் பாதியில் மடக்கி "மேலும் படிக்க" என்று காட்டும். அதைப் பொருட்படுத்தவில்லை. முதல் பொடியின் பெயரும் விலையும் அளவும் மடிப்புக்கு மேலேயே வந்துவிடுகின்றன. அது பிடித்தவர் திறந்து படிப்பார். தெரியாதவருக்கு எழுதும் விளம்பரமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டோம்.

அடுத்த தடவை மாற்ற வேண்டியவை சில இருக்கின்றன. "டேபிள்ஸ்பூன்" என்று எழுதியும் எந்த ஸ்பூன் என்ற கேள்வி வந்தது. கரண்டியை மட்டமாக வழித்த ஒரு படத்தைச் சேர்க்க வேண்டும். கோழிக்கும் கத்தரிக்காய்க்கும் பாக்கெட் பங்குக் கணக்கையும் எழுதியிருக்கலாம். வெளிமாநில முகவரிக்கு நாளும் கூரியர் கட்டணமும் செய்தியில் இல்லை. பெங்களூரில் இருப்பவர்கள் ஒவ்வொருவரும் தனியாகக் கேட்டார்கள். பெருங்காயத்தை அரிசி மாவு கலந்ததாக மாற்றினால் கோதுமை வரியை எடுத்துவிடலாம். ஆனால் கடையில் வாங்கும் ஒவ்வொரு டப்பாவின் லேபிளையும் பார்த்து வாங்க வேண்டும்.

வாங்கியவர்களுக்குப் பத்து நாள் கழித்து ஒரே ஒரு கேள்வி: "மீன் குழம்புப் பொடியில் காரம் சரியா, கூடவா, குறைவா?" நன்றி உரை, நட்சத்திர மதிப்பீடு எதுவும் வேண்டாம். ஒரு சொல்லில் பதில் சொல்லும்படி இருந்தால்தான் சொல்வார்கள். வாங்காதவர்களுக்கு நினைவூட்டல் அனுப்பவில்லை. அவர்களுக்கு அடுத்த மாதச் சாம்பார் பொடி ஆர்டரோடு மீன் பொடியில் 25 கிராம் வைத்து அனுப்பலாம், அது சரியாக ஒரு அரை கிலோ மீனுக்கு வரும். சின்னப் பாக்கெட் என்றாலும் அதிலும் லேபிள் ஒட்டியாக வேண்டும். பையின் அளவை லேபிளை வைத்தே தேர்ந்தெடுத்தால் வேலை மிச்சம்.